மழைக்கு முன் வரும் காற்று எங்கிருந்து வருகிறது?

கோடைமழை வரும் நாளின் மாலைப்பொழுது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பகல் முழுவதும் புழுக்கம். மேற்கே வானம் கறுக்கிறது. சற்று நேரம் ஓர் இலைகூட அசைவதில்லை. பிறகு திடீரென்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு பெருங்காற்று வீசுகிறது. கதவுகள் அடித்துக்கொள்கின்றன, கிளைகள் முறிகின்றன. ஐந்து, பத்து நிமிடங்கள் கழித்துத்தான் முதல் பெருந்துளிகள் விழுகின்றன.

இந்தக் காற்று ஏன் வருகிறது என்று வகுப்பில் கேட்டால், "காற்றுதான் சார் மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். காற்று முதலில் வருகிறது, மழை பின்னால் வருகிறது. ஆகவே காற்று காரணம், மழை விளைவு என்று மாணவர் முடிவு செய்கிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. அந்தக் காற்றை உண்டாக்குவதே மழைதான். எங்கோ சில கிலோமீட்டர் தொலைவில் ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும் மழை, தான் வந்து சேர்வதற்கு முன்பே இந்தக் காற்றை நம்மிடம் அனுப்பிவிடுகிறது.

இதற்கான சான்றுகள் மாணவர்களின் அனுபவத்திலேயே இருக்கின்றன. அந்தக் காற்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். "ஜில்லென்று இருந்தது" என்பார்கள். அடுத்து, வாசனை ஏதாவது வந்ததா என்று கேளுங்கள். "மண்வாசனை வந்தது" என்பார்கள். நம் ஊரில் இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. அப்படியானால் குளிர்ச்சியும் மண்வாசனையும் எங்கிருந்து வந்தன? மழையில் நனைந்த இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

மேகத்துக்குள் ஏறும் காற்றும் இறங்கும் காற்றும்

இடிமழையைத் தருவது கார்திரள் மேகம். தரையை ஒட்டிச் சூடான, ஈரமான காற்று மேலெழும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. அப்போது வெளியாகும் உள்ளுறை வெப்பம் அந்தக் காற்றைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக வைத்திருப்பதால் அது இன்னும் மேலே ஏறுகிறது. நம் பகுதியில் இந்த மேகங்கள் 12 முதல் 16 கிலோமீட்டர் உயரம்வரை வளர்வதுண்டு. இந்தக் கட்டத்தில் மேகத்துக்குள் காற்று மேல்நோக்கியே செல்கிறது. தரையில் இருக்கும் நமக்குப் புழுக்கமும் அமைதியும் மட்டுமே தெரியும்.

துளிகளும் ஆலங்கட்டிகளும் பெரிதாகி, மேலேறும் காற்றால் தாங்க முடியாத எடையை அடையும்போது அடுத்த கட்டம் தொடங்குகிறது. அவை விழும்போது தம்மைச் சுற்றியுள்ள காற்றையும் கீழே இழுக்கின்றன. இது முதல் காரணம். ஆனால் பெருங்காற்றுக்கு இது மட்டும் போதாது. மேகத்தின் அடிப்பகுதிக்குக் கீழே, கோடையில் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு உலர்ந்த காற்று இருக்கிறது. மழைத்துளிகள் அதன் வழியாக விழும்போது ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்கிறது, கனமாகிறது, இன்னும் வேகமாகக் கீழே விழுகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதற்கு எது காரணமோ அதுவே இங்கும் காரணம்.

ஆலங்கட்டி இருந்தால் விளைவு மேலும் வலுக்கும். பனிக்கட்டி உருகுவதற்கும் வெப்பம் தேவை. அதுவும் காற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஐந்து டிகிரி குளிர்ச்சி மரத்தைச் சாய்க்கும் காற்றைத் தருமா என்ற ஐயம் எழுவது இயல்பு. நம் மாணவர்கள் அறிந்த இயக்கச் சமன்பாட்டைக் கொண்டே இதைக் கணக்கிடலாம்.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2500 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற ஏறக்குறைய 1000 ஜூல் போதும். ஆகவே ஒரு கிலோகிராம் காற்றில் ஒரு கிராம் நீர் ஆவியானால் அந்தக் காற்று 2.5 டிகிரி செல்சியஸ் குளிரும். இரண்டு கிராம் ஆவியானால் 5 டிகிரி.

சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று கொள்வோம். அதைவிட 5 டிகிரி குளிர்ந்த காற்று 5/300, அதாவது 60-இல் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது. எனவே அது புவியீர்ப்பு முடுக்கத்தில் 60-இல் ஒரு பங்கு முடுக்கத்துடன் கீழே இறங்கும். 9.8-ஐ 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.163 மீ/வி². இந்தக் காற்று 1500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்றால்:

v² = u² + 2as
v² = 0 + 2 × 0.163 × 1500 = 489
v ≈ 22 மீ/வி

இது மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பேருந்து நெடுஞ்சாலையில் ஓடும் வேகம். வெறும் ஐந்து டிகிரி வேறுபாடு இதற்குப் போதும்.

இந்தக் கணக்கு எதை விட்டுவிடுகிறது என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். இறங்கும் காற்று பக்கத்திலுள்ள காற்றுடன் கலப்பதால் அதன் வேகம் குறையும். மழைத்துளிகளின் எடை தரும் இழுவையால் வேகம் கூடும். இன்னொன்று முக்கியமானது: கீழே இறங்கும் காற்று அழுத்தத்தால் சுருங்கி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் சூடேறும். ஆகவே ஒருமுறை குளிர்ந்தால் மட்டும் போதாது. வழிநெடுக மழைத்துளிகள் ஆவியாகிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் காற்று தரைவரை கனமாகவே இருக்கும். மேகத்துக்குக் கீழே நல்ல உலர்ந்த காற்றும், அதனுள் விழ வேண்டிய மழையும் ஒருசேர இருக்கும் நாளில்தான் பெருங்காற்று வீசுகிறது. கோடைமழைக்கு முன் வரும் காற்று, ஐப்பசி அடைமழைக்கு முன் பெரும்பாலும் வருவதில்லை. அடைமழைக் காலத்தில் தரைவரை காற்று ஈரமாக இருப்பதால் துளிகள் ஆவியாக இடமில்லை.

தரையில் மோதிய பின்

கீழே விழும் காற்று தரையைத் துளைத்துச் செல்ல முடியாது. குழாய்த் தண்ணீர் தரையில் விழுந்து நாலாபுறமும் பரவுவதுபோல அது பக்கவாட்டில் பாய்கிறது. மழை பெய்யும் இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, கனமான காற்று தரையோடு தரையாக வெளியே ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் முன்விளிம்பைக் காற்று முகப்பு என்று சொல்லலாம். மழை இன்னும் பின்னால் மேகத்தோடுதான் வந்துகொண்டிருக்கிறது. காற்றோ முன்னால் ஓடிவிட்டது. காற்று முதலில், மழை பிறகு என்ற வரிசை இதனால்தான்.

மேகமே நம்மை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், அந்த வேகமும் முன்பக்கக் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. நமக்கு முன்னால் வரும் காற்று பின்பக்கத்தில் வீசும் காற்றைவிட வலிமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று முகப்பு ஓர் இடத்தைக் கடக்கும்போது சில மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழும். காற்றின் திசை சட்டென்று மாறும். வெப்பநிலை சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கும். கனமான காற்று வந்து சேர்வதால் காற்றழுத்தமானியின் அளவு சற்று உயரும். வானத்தில் மேகத்தின் முன்விளிம்பில் தாழ்வாக, அலமாரித் தட்டுபோல நீண்ட ஒரு மேகம் தெரிவதுண்டு. குளிர்ந்த காற்று தனக்கு முன்னால் உள்ள வெப்பக் காற்றை அடியில் புகுந்து மேலே தூக்குவதால் உருவாவது அது. வறண்ட இடங்களில் மேகத்துக்குப் பதிலாகப் புழுதிச் சுவர் தெரியும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை எந்தக் காற்றையும் சூறைக்காற்று என்று சொல்லிவிடுவதில்லை. காற்றின் வேகம் போஃபர்ட் அளவுகோலில் திடீரென்று மூன்று படிகளாவது உயர வேண்டும்; ஆறாம் படியையோ அதற்கு மேலோ எட்ட வேண்டும்; குறைந்தது ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். கருவி இல்லாமலும் இதைப் புரியவைக்கலாம். மூன்றாம் படியில் இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும், இலேசான கொடி விரிந்து பறக்கும். ஆறாம் படியில் பெரிய கிளைகள் ஆடும், குடையைப் பிடிப்பது கடினம். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் சட்டென்று தாவி ஒரு நிமிடமாவது நின்றால் அது சூறைக்காற்று.

"காற்று மழையைக் கலைத்துவிட்டது"

காற்று வீசிவிட்டு மழை வராமல் போனால் நம் ஊர்ப் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இதில் பாதி உண்மை இருக்கிறது.

இடிமேகம் வளர்வதற்குத் தரையை ஒட்டிய சூடான ஈரக்காற்று இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். அது மேகத்தின் உணவு. குளிர்ந்த காற்று தரையில் பரவி வெகுதூரம் முன்னே ஓடிவிட்டால், மேகத்துக்கும் அதன் உணவுக்கும் இடையே குளிர்ந்த ஓர் அடுக்கு விரிந்துவிடுகிறது. மேலே ஏற வெப்பக் காற்று இல்லாமல் மேகம் ஓய்ந்துவிடும். தனித்த இடிமேகம் ஒன்று அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது இதனால்தான். தன் மழையால் உண்டான காற்றே மேகத்தின் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆகவே காற்று எங்கிருந்தோ வந்து மேகத்தைத் துரத்தவில்லை. அந்த மேகமே தன் உணவை அடைத்துக்கொண்டது.

டவுன்பர்ஸ்ட்: மரங்கள் சொன்ன செய்தி

இறங்கும் காற்று சில நேரங்களில் ஒரு சிறு இடத்தில் குவிந்து மிக வேகமாகக் கொட்டுகிறது. இதை டவுன்பர்ஸ்ட் என்கிறார்கள். சேதப்பகுதி 4 கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மைக்ரோபர்ஸ்ட், அதைவிடப் பெரிதானால் மேக்ரோபர்ஸ்ட். மைக்ரோபர்ஸ்ட் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இதைக் கண்டறிந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய வானிலை அறிஞர் டெட்சுயா புஜிட்டா. 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள் வீசின. சேதத்தை விமானத்திலிருந்து பார்வையிட்டபோது, காடுகளில் மரங்கள் விழுந்து கிடந்த விதம் சில இடங்களில் வேறாக இருந்ததை அவர் கவனித்தார். சுழற்காற்று கடந்த பாதையில் மரங்கள் உட்பக்கமாகத் திரும்பியும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகவும் கிடக்கும். இங்கோ ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, விண்மீனின் கதிர்களைப்போல நாலாபுறமும் சாய்ந்து கிடந்தன. 1945-இல் நாகசாகியில் அணுகுண்டு வீச்சுக்குப் பிந்தைய சேதத்தை ஆய்வு செய்தபோதும் மேலிருந்து வந்த அதிர்ச்சியில் மரங்கள் இதேபோல் சாய்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். ஆகவே இங்கும் காற்று மேலிருந்து இறங்கித் தரையில் மோதிப் பரவியிருக்க வேண்டும் என்று எண்ணினார்.

அடுத்த ஆண்டு, 1975 ஜூன் 24 அன்று, நியூயார்க் நகரின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் இடிமழையின்போது தரையிறங்க வந்த போயிங் 727 விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னதாகவே விழுந்து நொறுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நேரத்தில் வந்த விமானங்களில் சில சிரமமின்றி இறங்கியிருந்தன. சில கடுமையாகத் தடுமாறின. புஜிட்டா அந்த விமானங்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, விமானப் பாதையில் டவுன்பர்ஸ்ட் விழுந்திருக்கிறது என்று விளக்கினார்.

விமானத்துக்கு இது ஏன் ஆபத்து? டவுன்பர்ஸ்ட்டுக்குள் நுழையும்போது முதலில் எதிர்க்காற்று வீசுகிறது. இறக்கையின் மேல் பாயும் காற்று கூடுவதால் விமானம் உயர்கிறது. விமானி அதைச் சரிசெய்யும் முன் நடுப்பகுதி வந்துவிடுகிறது. அங்கே காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. அதைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து காற்று வீசி, இறக்கையின் மேல் பாயும் காற்று சட்டென்று குறைகிறது. தரைக்கு அருகில் பறக்கும் விமானத்துக்கு மீண்டு எழ உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

அவ்வளவு வலிமையான காற்று தரைவரை இறங்காது என்று பல அறிஞர்கள் முதலில் ஐயப்பட்டனர். 1978-இல் சிகாகோ அருகே டாப்ளர் ராடார்களை வைத்து நடத்திய ஆய்வில் சில வாரங்களுக்குள் ஐம்பது மைக்ரோபர்ஸ்ட்கள் பதிவாயின. அதன்பின் விமான நிலையங்களில் இதற்கென எச்சரிக்கைக் கருவிகளும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியும் வந்தன.

1983 ஆகஸ்ட் 1 அன்று வாஷிங்டன் அருகிலுள்ள ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் நடந்தது இன்னும் தெளிவான சான்று. அமெரிக்க அதிபரின் விமானம் தரையிறங்கிய சில நிமிடங்களில் அங்கிருந்த காற்றுமானி மணிக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தது. பிறகு காற்று ஏறக்குறைய நின்றே போனது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பெருங்காற்று வீசியது. டவுன்பர்ஸ்ட்டின் முன்பக்கம், நடு, பின்பக்கம் ஆகிய மூன்றும் ஒரே கருவியின் மேல் வரிசையாகக் கடந்து சென்றிருக்கின்றன.

நம் ஊரில் பெருங்காற்றில் வாழைத்தோட்டமோ மரங்களோ சாய்ந்தால் மாணவர்கள் அவை எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று ஒரு தாளில் அம்புக்குறிகளாக வரையலாம். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் காற்று முகப்பு கடந்து சென்றிருக்கலாம். ஓரிடத்திலிருந்து விரிந்து சென்றால் டவுன்பர்ஸ்ட். மின்கம்பிகள் அகற்றப்பட்ட பிறகு, பெரியவர்கள் துணையுடன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

வரிசையாக வரும் இடிமேகங்கள்

தனி மேகம் தன் காற்றாலேயே ஓய்ந்துவிடும் என்று பார்த்தோம். ஆனால் சில நாள்களில் இடிமேகங்கள் பல பத்துக் கிலோமீட்டர், சில வேளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வரிசையில் அமைந்து மணிக்கணக்காக நகர்கின்றன. இதற்கு ஸ்குவால் லைன் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து மேகங்களின் குளிர்காற்று ஒன்று சேர்ந்து, தரையில் ஒரு நீண்ட சுவர்போல முன்னேறுகிறது. அது தனக்கு முன்னால் உள்ள வெப்ப ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. அங்கே புதிய மேகங்கள் எழுகின்றன. பழையவை பின்னால் ஓய, புதியவை முன்னால் பிறந்துகொண்டே இருக்கும்.

தனி மேகத்துக்கு முடிவு கட்டும் அதே குளிர்காற்று, இங்கே எப்படி வரிசையை வாழவைக்கிறது? உயரத்துக்கு உயரம் காற்றின் வேகம் மாறுபடுவதே காரணம். அந்த வேறுபாடு தக்க அளவில் இருந்தால், காற்று முகப்பு மழையை விட்டு வெகுதூரம் ஓடிவிடாமல் மேகத்தின் காலடியிலேயே நிற்கும். மேகத்தின் உணவு அறுபடுவதில்லை.

மேற்கு வங்கத்திலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் மார்ச் முதல் மே வரை வடமேற்கிலிருந்து வரும் கால்பைசாகி இவ்வகைப் புயல்மழைக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்மாவட்டங்களிலும் ஆந்திர எல்லையிலும் பிற்பகலில் உருவாகும் இடிமேகங்கள் மேல்மட்ட மேற்குக் காற்றால் கிழக்கே நகர்ந்து, மாலையிலோ இரவிலோ சென்னைக் கடற்கரையை எட்டுவதுண்டு. அவற்றுக்கு முன்னால் மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று, அதுவரை கிழக்கிலிருந்து வீசிய கடற்காற்றைத் திடீரென்று நிறுத்திவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: நீளமான ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி அல்லது மீன்தொட்டி, அகலத்துக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் அட்டை, பனிக்கட்டி, நீல மை, சொட்டுக்குழாய், வெப்பநிலைமானி, துணித்துண்டு.

1. பெட்டியில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாதாரண நீர் ஊற்றவும். ஒரு முனையில் அட்டையைச் செருகித் தடுப்பாக்கவும். தடுப்புக்குப் பின்னால் உள்ள நீரில் பனிக்கட்டியும் நீல மையும் சேர்த்து நன்கு குளிரவிடவும். பிறகு மிதக்கும் பனிக்கட்டியை எடுத்துவிட்டு அட்டையைச் சட்டென்று மேலே உருவவும். நீலநீர் அடியோடு அடியாக ஓடும். அதன் முன்விளிம்பு சற்றுத் தடித்து, தலைபோல உயர்ந்திருக்கும். அதுவே காற்று முகப்பு. வெதுவெதுப்பான நீர் அதன் மேலேறிப் பின்னால் போவதையும் கவனிக்கச் சொல்லவும்.

2. நீர் கலங்கல் நீங்கிய மற்றொரு பெட்டியில், நடுவில் சொட்டுக்குழாயால் குளிர்ந்த நீலநீரை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து மெதுவாக விடவும். அது இறங்கி அடியில் மோதி வட்டமாக விரியும். மேலிருந்து பார்த்தால் புஜிட்டா கண்ட வடிவம் புரியும்.

3. வெப்பநிலைமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறவும். உள்மாவட்டங்களில் வறண்ட கோடைப் பிற்பகலில் 10 டிகிரிக்கு மேலும் இறங்கலாம். கடற்கரை ஊர்களில் ஐந்து, ஆறு டிகிரியோடு நின்றுவிடும். எந்த ஊரில் மழைக்காற்று வலிமையாக இருக்கும் என்று இதிலிருந்து மாணவர்களையே ஊகிக்கச் சொல்லலாம்.

பள்ளியில் கவனிக்க வேண்டியவை

வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான இடிமழை எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. எந்தப் பகுதியில் வாய்ப்பு உண்டு என்பதை அது சொல்லும். எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று சொல்ல இயலாது. ராடார் ஒருமுறை வானம் முழுவதையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது. அதற்குள் ஒரு மைக்ரோபர்ஸ்ட் தொடங்கி முடிந்துவிடக்கூடும். ஆகவே கடைசி எச்சரிக்கை நம் கண்ணும் காதும்தான்.

இடியோசை சாதாரணமாகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்வரைதான் கேட்கும். காற்று முகப்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொண்டால், 10 கிலோமீட்டரைக் கடக்க 12 நிமிடம் போதும். எனவே இடி கேட்டவுடன் மைதானத்தில் உள்ள மாணவர்களைக் கட்டடத்துக்குள் அழைத்துவிட வேண்டும். மழைத்துளி விழட்டும் என்று காத்திருந்தால், துளிக்கு முன் காற்று வந்துவிடும்.

மரத்தடி வகுப்பு, தகரக்கூரைச் சைக்கிள் நிறுத்தம், தற்காலிகப் பந்தல், பெரிய விளம்பரத் தட்டிகள் ஆகியவற்றின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். நாம் கணக்கிட்ட விநாடிக்கு 22 மீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 30 கிலோகிராம் எடைக்குச் சமமாகத் தள்ளும். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தகரத்தில் அது 90 கிலோகிராம். விநாடிக்கு 11 மீட்டர் காற்றில் அசையாதிருந்த தகரம், 22 மீட்டர் காற்றில் ஆணியோடு பறப்பது இதனால்தான். கோடை தொடங்கும் முன்பே கூரை ஆணிகளையும் பட்ட கிளைகளையும் பார்த்துவைப்பது தலைமையாசிரியரின் ஆண்டுப் பணிப் பட்டியலில் இடம்பெறட்டும்.

இடிமேகங்கள் பிற்பகல் மூன்று முதல் ஏழு மணிக்குள் முற்றுவதே வழக்கம். பள்ளி விடும் நேரமும் அதுவே. வானம் கறுத்து இடி கேட்கும்போது, நீண்ட மணி அடித்து எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுவதைவிட உள்ளே அமர்த்திவைப்பதே பாதுகாப்பு. கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்து அனுப்பலாம். சாய்ந்த மரம், அறுந்த மின்கம்பி உள்ள வழி எது என்பதை அறிந்து, அந்த வழி செல்லும் மாணவர்களுக்கு மாற்று வழி சொல்லி அனுப்ப வேண்டும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மழைக்கு முன் வரும் காற்றில் மண்வாசனை இருப்பது எதைக் காட்டுகிறது?
2. கோடைமழைக்கு முன் பெருங்காற்று வீசுகிறது. அடைமழைக்கு முன் ஏன் பெரும்பாலும் வீசுவதில்லை?
3. மேகத்தின் அடிப்பகுதி 1000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இறங்கும் காற்று சுற்றியுள்ள காற்றைவிட 6 டிகிரி குளிர்ந்தது எனில், அது தரையை அடையும் வேகத்தைக் கணக்கிடுக. (சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 300 கெல்வின். விடை: ஏறக்குறைய 20 மீ/வி)
4. ஒரு தோப்பில் நடுவிலிருந்து நாலாபுறமும் தென்னைகள் சாய்ந்து கிடக்கின்றன. என்ன நடந்திருக்கும்? சுழற்காற்று அல்ல என்று எப்படிச் சொல்வாய்?
5. "காற்று மழையைக் கலைத்துவிட்டது" என்று பாட்டி சொல்கிறார். அதில் எந்தப் பகுதி சரி, எந்தப் பகுதி சரியல்ல என்று அவருக்கு விளக்கும் வகையில் ஐந்து வரிகள் எழுதுக.